அப்பா கணக்கிலிருந்து வந்த வாடகை

மாடி வீட்டு ஏஞ்சலின் குடிவந்த அன்று அவள் கையில் இருந்த சாவியைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். ஒற்றைச் சாவி. அதற்கு ஒரு மர மீன், ஒரு மணி, ஒரு மாதா படம், ஒரு சிவப்பு நாடா எல்லாம் மாட்டியிருந்தாள்.

"ஒரு சாவிக்கு எதுக்குளா இவ்வளவு சோடனை?" என்றேன்.

"தொலஞ்சிறக் கூடாதுல்லாக்கா" என்றாள்.

அவள் தொலைத்துவிடக் கூடாது என்று பயந்தது சாவியை மட்டும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

நான் பிரேமா. கீழ் வீட்டில் இருக்கிறேன். ஜாக்கெட் தைக்கிறேன், வாயும் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்லுவார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எங்கள் இருவருக்கும் வீட்டுக்காரர் ஒருவர்தான், வீரபாகு அண்ணாச்சி. மாப்பிள்ளையூரணிக்குப் போகிற ரோட்டில், எங்கள் தெருமுனையிலேயே அவருக்குப் பலசரக்குக் கடை. வீட்டில் பல்பு எரியவில்லை என்றாலும் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் கடைக்குப் போய், பருப்பு வாங்குகிறவர்களுக்கு நடுவில் நின்றுதான் சொல்ல வேண்டும்.

ஏஞ்சலினுக்குச் சொந்த ஊர் பெரியதாழை. துறைமுகத்துக்கு வருகிற சரக்குக்குக் கஸ்டம்ஸ் காகிதம் போட்டுக் கொடுக்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். முதலில் லேடீஸ் ஹாஸ்டல். நாலு பேருக்கு ஒரு ஜன்னல். அங்கிருந்து சம்பளத்தில் மிச்சம் பிடித்து, அட்வான்ஸ் கட்டி, முத்திரைத்தாளில் தன் பெயரிலேயே அக்ரிமென்ட் போட்டு இந்த மாடிக்கு வந்தாள். குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து, மத்தியானம் வரை தரையில் சும்மா படுத்துக் கிடந்தாளாம். "ஏன் படுத்திருக்கன்னு கேக்க ஒரு ஆள் இல்லக்கா" என்று என்னிடம் வந்து சொன்னாள். பவளமாலை கிடைத்தவள் கூட அப்படி முகம் மலர்ந்திருக்க மாட்டாள்.

அவள் அப்பா இஞ்ஞாசி, வெளிநாட்டுக் கப்பல்களில் போசனாக இருந்து ஓய்வு பெற்றவர். மேல்தளத்து ஆட்களை எல்லாம் வேலை ஏவுகிறவர்தான் போசன். மகள் சின்னவளாக இருந்தபோது அவர் கடலில். மகள் வளர்ந்து தன் காலில் நின்றபோது அவர் கரையில். ஏவுவதற்கு ஆள் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். கெட்ட மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். உத்தரவு போடுவதையே பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர், அவ்வளவுதான். மகள் தனி வீடு எடுத்தது அவருக்கு ஆகவே இல்லை. மாதா மாதம் அவளே வாடகை கட்டியதால் வாயைத் திறக்க வழி இல்லாமல் இருந்தார்.

வழி ஒரு நாள் திறந்தது. கம்பெனிக்காரன் இங்கிருந்த கிளையைப் பூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டான். கடைசிச் சம்பளத்தையும் கொடுக்காமல் இழுத்தடித்தான். ஏஞ்சலின் தினமும் காலையில் இஸ்திரி போட்ட சுடிதாரோடு கிளம்பி, மத்தியானம் முகம் வாடித் திரும்பினாள். அந்தச் சமயத்தில்தான் அப்பா போன் பண்ணினார். "வாடகைய நான் போடுதேன். வேல கிடைக்கிற வரைக்கும் நீ கவலப்படாத" என்றார்.

வேறு வழி இல்லை. எனக்கு அன்றைக்கே சுருக்கென்றது. ஆனால் பெற்ற அப்பா கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லு என்று நான் எப்படிச் சொல்லுவேன்?

வீரபாகு அண்ணாச்சிக்கு அனுப்ப வேண்டிய செய்தியை அவள் என் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதினாள். கஸ்டம்ஸ் காகிதம் எழுதிய கை, ஒன்றும் விடாமல் எழுதியது. "அண்ணாச்சி வணக்கம். இந்த மாதம் முதல் மாடி வீட்டு வாடகை என் அப்பாவின் வங்கிக் கணக்கிலிருந்து வரும். கணக்கில் அவர் பெயர் சூசை இக்னேஷியஸ் என்று இருக்கும். வீடு என் பெயரிலேயே இருக்கும். அக்ரிமென்டில் மாற்றம் இல்லை. ரசீதும் என் பெயரிலேயே போடவும்."

அனுப்பிய கொஞ்ச நேரத்தில் கடைக்கு வரச் சொல்லி அண்ணாச்சி போன் பண்ணினார். எனக்கும் மிளகு வாங்க வேண்டியிருந்தது. கூடப் போனேன்.

"தப்பா நினைக்காதம்மா. முன்னப் பின்ன தெரியாத பேர்ல பணம் வந்தா எனக்குச் சரிப்படாது" என்றார் அண்ணாச்சி. "எங்க வியாபாரிக சங்கத்துல ஒரு ஆளுக்கு எவனோ ஒருத்தன் சாமான் வாங்கிட்டுப் போன்ல பணம் போட்டான். அது திருட்டுப் பணமாம். எங்கயோ வடக்க போலீஸ்ல புகார் ஆகி, இவரு கணக்க முடக்கிப் போட்டுட்டாங்க. சரக்கு எடுக்க முடியாம அலையுதாரு."

"எங்க அப்பா கணக்குத்தான் அண்ணாச்சி" என்றாள் ஏஞ்சலின்.

"இருக்கட்டும். அவரு நம்பரக் குடு. ஒரு தடவ அவரு வாயால சொல்லிட்டா எனக்கும் நிம்மதி. பாஸ்புக் முதல் பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு."

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அவளும் நம்பரைக் கொடுத்தாள். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பார்கள். இங்கே பிடுங்கியவருக்குத் தான் பிடுங்குகிறோம் என்பதே தெரியாது.

கடைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சரக்கைச் சாப்பிடுகிறவன் யாராக இருந்தாலும், பணம் போடுகிறவன்தான் அவர்களுக்குப் 'பார்ட்டி'. கல்யாண வீட்டுக்குச் சாமான் போனால், மாப்பிள்ளையே வந்து அரிசி சரியில்லை என்று சொன்னாலும் அண்ணாச்சி காதில் ஏறாது. பணம் போட்ட மாமனாருக்குத்தான் போன் போகும். வீரபாகு அண்ணாச்சி நாற்பது வருஷமாக இப்படியே வியாபாரம் பண்ணியவர். அந்த மாதத்திலிருந்து மாடி வீட்டுக்குப் பார்ட்டி இஞ்ஞாசி என்று அவர் மனசில் விழுந்துவிட்டது.

முதலில் மோட்டார் கெட்டது. மாடியில் தண்ணீர் இல்லை. ஏஞ்சலின் கடைக்குப் போய்ச் சொன்னாள். "அப்பாட்ட பேசிட்டேம்மா. பழைய மோட்டாரையே காயில் கட்டிப் போட்டாப் போதும்னுட்டாரு" என்றார் அண்ணாச்சி. மோட்டார் அண்ணாச்சியுடையது, தண்ணீர் இல்லாமல் கிடப்பவள் இவள், தீர்ப்புச் சொல்லுகிறவர் பெரியதாழையில். எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை.

பிறகு அவளோடு முன்பு வேலை பார்த்த ரம்யா வந்து ஒரு ராத்திரி தங்கினாள். மறுநாள் அண்ணாச்சி பேச்சுவாக்கில் போனில் சொல்லியிருக்கிறார், வீட்டில் விருந்தாளி போல என்று. கோள் சொல்லுகிற எண்ணமே கிடையாது அவருக்கு. பார்ட்டியிடம் நாலு வார்த்தை பேசுவது வியாபார மரியாதை. சாயந்திரத்துக்குள் அப்பாவிடமிருந்து போன்.

"ஏளா, யாரு வந்தது?"

"ரம்யாப்பா."

"வாடகை குடுக்கது ஒனக்கு. ஊர்ல உள்ளவளுக்கெல்லாம் இல்ல."

அவள் போனை வைத்தாள். என்ன சொல்லுவாள்? பணம் அவருடையது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லியே வளர்த்த பிள்ளை. அதுவும் உப்பு விளைகிற ஊரில்.

அடுத்தது ரசீது. "வாடகை வரவு, சூசை இக்னேஷியஸ்" என்று எழுதிக் கொடுத்தார் அண்ணாச்சி. "என் பேர் போட்டு, அப்பா மூலமான்னு எழுதுங்க அண்ணாச்சி" என்று அவள் கேட்டாள். "ரெண்டும் ஒண்ணுதானம்மா" என்று சிரித்துவிட்டுச் சர்க்கரை நிறுக்கப் போய்விட்டார்.

அதன் பிறகு ஒரு நாள், அவள் வேலை தேடிப் போயிருந்த நேரத்தில், இஞ்ஞாசி வந்தார். நான் வாசலில் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, நிமிர்ந்த நடை. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நேரே படியேறி, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். மாற்றுச் சாவியை அண்ணாச்சிதான் கொடுத்திருக்கிறார்.

ஏஞ்சலின் திரும்பியபோது அப்பா கட்டிலை ஜன்னல் பக்கத்திலிருந்து சுவரோரமாக நகர்த்தி வைத்திருந்தார். ஜன்னலோரம் படுத்தால் தெருவில் போகிறவர்களுக்குத் தெரியுமாம். அடுப்பங்கரைச் சாமான்களைக் கப்பலில் அடுக்குவது போல வரிசையாக அடுக்கியிருந்தார். வாளை கருவாடும் கொண்டுவந்திருந்தார். அதையும் சொல்ல வேண்டும். அவர் போனதும் அவள் கீழே இறங்கி வந்து என் துணி மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

"கட்டில நகட்டிட்டாருக்கா."

"நீ திரும்ப நகட்டிப் போட வேண்டியதுதான?"

"நகட்டலாம். யாரு வாடகைன்னு கேப்பாருல்லா."

கட்டில் சுவரோரத்திலேயே கிடந்தது. அன்றைக்கு முதல் அந்தப் பிள்ளை தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி நடக்க ஆரம்பித்தது. கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஹாஸ்டலில் இருந்தபோதாவது நாலு பேருக்கு ஒரு ஜன்னல் இருந்தது. இப்போது முழு ஜன்னல் இருந்தும் பக்கத்தில் போக மனசு வரவில்லை. எனக்கு அந்த மனிதர் மேல் வந்த கோபத்தில் அன்று தைத்த இரண்டு ஜாக்கெட்டின் கை கோணிப் போய்விட்டது.

கடைசியில் வேலை ஒன்று கிடைத்தது. கன்டெய்னர்கள் இறக்கி வைக்கிற ஒரு யார்டில், பழைய சம்பளத்தை விடக் கொஞ்சம் குறைவு. ஒன்றாம் தேதி சேர வேண்டும், சம்பளம் அந்த மாதக் கடைசியில்தான். சந்தோஷமாக அப்பாவுக்குப் போன் போட்டாள். அவரோ வேறொரு சேதி வைத்திருந்தார். ஆலந்தலையில் ஒரு மாப்பிள்ளை, பெயர் ஸ்டெபின், கப்பலில் இருக்கிறான், பொங்கலுக்கு லீவில் வருகிறான். பெண் பார்க்க வரும்போது பெண் ஊரில் இருக்க வேண்டாமா? லாரிகள் போய் வருகிற யார்டில் பொம்பளப் பிள்ளைக்கு என்ன வேலை?

"எனக்கு வேலைக்குப் போணும்ப்பா" என்றாள்.

"வீட்டக் காலி பண்ணுதோம்னு அண்ணாச்சிட்ட சொல்லியாச்சி" என்றார் அவர்.

அவள் என்னிடம் இதைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே மாடிப் படியில் ஆள் ஏறுகிற சத்தம். ஒரு புருஷன், பெண்டாட்டி, கூடவே அண்ணாச்சி கடையின் கணக்கப்பிள்ளை. வீடு பார்க்க வந்திருக்கிறார்கள். நானும் அவளும் பின்னாலேயே ஏறினோம். அந்தப் பெண் அடுப்பங்கரை மேடையைத் தடவிப் பார்த்தாள். குளியலறைக் குழாயைத் திறந்து மூடினாள். ஏஞ்சலினின் துணிகள் கொடியில் தொங்கின, அவற்றை ஒதுக்கிவிட்டு அந்த ஆள் சுவரில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தான். "நீங்க எப்பம்மா காலி பண்ணுதிய?" என்று அவன் கேட்டபோது, அவள் கையில் அந்த மணியும் மீனும் மாட்டிய சாவி இருந்தது.

அவர்கள் போன பிறகு நான் கத்தினேன். "அக்ரிமென்ட் யாரு பேர்ல இருக்கு? காலி பண்ணுதேன்னு நீ சொல்லாம அவரு எப்படிச் சொல்லலாம்? வா, கடைக்குப் போவோம்."

"போயி? அடுத்த மாச வாடகைக்கு எங்க போவேன்க்கா?"

அதுதான் கதை. வாயில் பூட்டு போட்டிருந்தது அந்த வாடகைதான். நான் கொடுக்கிறேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். என் வாடகைக்கே நான் ஜாக்கெட் ஜாக்கெட்டாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை இஞ்ஞாசி கணக்கு முடிக்க வந்தார். போகிற வழியில் மகளையும் கையோடு கடைக்குக் கூட்டிப் போனார். நான் கூப்பிடாமலேயே போனேன். கடையில் அப்போதுதான் சாம்பிராணி போட்டிருந்தார்கள். அண்ணாச்சி எழுந்து நாற்காலி போட்டார்.

"மாசக் கடைசியில சாமான எடுத்துருவோம். அட்வான்ஸ இப்பவே குடுத்துருங்க அண்ணாச்சி, ஒரு லாரி பேசணும்" என்றார் இஞ்ஞாசி.

அண்ணாச்சி கையை உதறினார். "இன்னைக்கு வெள்ளிக்கிழம. கல்லாவுல இருந்து பணம் வெளிய போகாது. போன்லயும் அனுப்ப மாட்டேன். நாளைக்குக் காலைல முதல் வேலையா உங்க கணக்குக்குப் போட்டுருதேன்."

"இதுக்காக நான் அங்கன இருந்து பஸ் ஏறி வந்திருக்கேன்."

"கோவிச்சுக்காதிய. எங்க அப்பா காலத்து வழக்கம். உங்க கண்ணு முன்னால வேணா எல்லாத்தயும் எடுத்துப் பாத்து வச்சிருதேன். நாளைக்குத் தட்டுனாப் போதும்."

நாளைக்குத் தட்டுவதற்காக அவர் போனை எடுத்தார். இஞ்ஞாசியின் கணக்கு அதில் இருந்தது. அட்வான்ஸ் எவ்வளவு வந்தது, என்றைக்கு வந்தது என்று பார்க்கப் பழைய வரவைத் தேடிப் போனார். தேடியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"அட்வான்ஸ் உங்க கணக்குல இருந்து வரலியே. இந்தப் பிள்ள கணக்குல இருந்துல்லா வந்திருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான். எம் மகதான" என்றார் இஞ்ஞாசி.

அண்ணாச்சி நிமிர்ந்தார். போனைக் கீழே வைத்தார். எனக்கு அண்ணாச்சி மேல் அத்தனை நாளாக இருந்த கடுப்பு அந்த ஒரு நிமிஷத்தில் பாதி குறைந்தது.

"அது எப்படி ஒண்ணாவும்? பணம் போட்டவங்களுக்குத்தான் பணம் திரும்பும். நாளைக்கு ஒரு கேள்வி வந்தா நான் பதில் சொல்லணும்லா. அட்வான்ஸ் பார்ட்டி இவதான்."

நான் ஏஞ்சலினை இடித்தேன். இடிக்கத் தேவையே இல்லை. நாலு மாதமாகப் பேசாத வாய் அன்றைக்குத் திறந்தது.

"அண்ணாச்சி, நான் காலி பண்ணுதேன்னு உங்ககிட்ட சொன்னேனா?"

"நீ சொல்லலம்மா. அப்பா சொன்னாரு."

"வீடு என் பேர்லயேதான் இருக்கும்னு அன்னைக்கே எழுதி அனுப்புனேன். காலி பண்ணணும்னா நான்தான் சொல்லணும். நான் சொல்லல. அட்வான்ஸ் எனக்குரியதுன்னா, ரெண்டு மாச வாடகைய அதுல கழிச்சுக்கோங்க. சம்பளம் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமா அட்வான்ஸப் பழைய அளவுக்கு நெரப்பிருதேன். அப்பா கணக்குல இருந்து இனிமே வராது."

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். அட்வான்ஸில் வாடகை கழிப்பது எந்த வீட்டுக்காரருக்கும் பிடிக்காத காரியம். புதுப் பார்ட்டிக்கு வேறு வாக்குக் கொடுத்துவிட்டார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், கடைசியில் சாமி படத்தைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஒரு பொம்பளப் பிள்ள கேக்குது. சரி, கழிச்சுக்கிடுதேன். ஆனா ரெண்டு மாசம்தான், கேட்டியா? மூணாவது மாசம் இழுத்தா நானே காலி பண்ணச் சொல்லிருவேன்."

இஞ்ஞாசி நாற்காலியிலிருந்து எழுந்தார். கப்பலில் அவர் ஏவி யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். திட்டுவார் என்றுதான் நான் நினைத்தேன். மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "பட்டினி கிடந்தாலும் இங்கனதான் கிடப்பியா?" என்றார்.

"ஆமாப்பா" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

அவர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போய்விட்டார்.

அந்த இரண்டு மாதமும் சொகுசாகப் போனது என்று பொய் சொல்ல மாட்டேன். வாடகைக்கு வழி பிறந்ததே தவிர வயிற்றுக்கு இல்லை. யார்டுக்கு டிபன் பாக்ஸில் வெறும் தயிர்ச் சோறு கொண்டு போனாள். ஒரு பூட்டிலிருந்து வெளியே வந்து இன்னொரு பூட்டுக்குள் நின்ற மாதிரிதான் இருந்தது. ஊரிலிருந்து போன் வரவில்லை. இவள் பண்ணினால் அம்மா பிலோமி எடுத்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்தாள். போனை வைத்ததும் ஏஞ்சலின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்காது.

முதல் மாதம் பிறந்த அன்று அண்ணாச்சி கடையிலிருந்து அவளுக்குப் போன் பண்ணினார். இஞ்ஞாசி கணக்கிலிருந்து வாடகை வந்து விழுந்திருக்கிறது. மாதா மாதம் தானாகப் போகும்படி அவர் பாங்கில் எழுதிக் கொடுத்திருந்தாராம். அதை நிறுத்தவில்லை. மறந்து விட்டாரா, வேண்டுமென்றே விட்டு வைத்தாரா என்று எனக்கு இன்று வரை தெரியாது.

"என்னம்மா செய்ய? வச்சிக்கிடவா, திருப்பவா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

எத்தனையோ மாதம் கழித்து மாடி வீட்டைப் பற்றி அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த மாதம் மீன் வாங்கிக் குழம்பு வைக்கலாம். எனக்கே நாக்கு ஊறியது.

"வந்த கணக்குக்கே திருப்பிருங்க அண்ணாச்சி" என்றாள்.

மறு ஞாயிறு, பூசை முடிந்து அவள் வந்திருந்தாள். நான் வாசலில் இருந்தேன். தெருவில் வெள்ளைச் சட்டை தெரிந்தது. கையில் ஓலைப் பெட்டி, கருவாட்டு வாசனை. மாற்றுச் சாவி இன்னும் அவரிடம்தான் இருந்தது. யாரும் திருப்பிக் கேட்கவில்லை. சட்டைப் பையில் அதன் முனை துருத்திக்கொண்டிருப்பதை நான் பார்த்தேன்.

படியில் ஒரு கால் வைத்தார். பிறகு காலை எடுத்துக்கொண்டார். அங்கேயே நின்று என் பக்கம் திரும்பினார்.

"பிள்ள இருக்காளா?" என்றார்.

"இருக்கா."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மாடியை அண்ணாந்து பார்த்து, துருப்பிடித்த கிராதியில் விரலால் தட்டினார்.

"ஏளா ஏஞ்சலின், அப்பா வந்திருக்கேன். மேல வரட்டா?"

மேலே கட்டிலை இழுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஜன்னல் பக்கமாகத்தான் இழுத்துக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றது. அவள் கதவைத் திறக்கிற வரைக்கும் அவர் படிக்குக் கீழேயே பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.